அப்பாவின் பணி நிறைவு ஏற்புரை: பெரிய எழுத்து அட்டைகளாக மாற்றுவது எப்படி?

தென்னங்கீற்று:
அடுத்த வாரம் அப்பாவுக்குப் பணி நிறைவு விழா. ஏற்புரையை அவரே கைப்பட எழுதி என்னிடம் தட்டச்சு செய்யக் கொடுத்தார். மொத்தம் 380 சொற்கள். வழக்கமான 12 புள்ளி எழுத்தில் அடித்துக் கொடுத்தேன். வீட்டில் நின்றபடி வாசித்துப் பார்த்தபோது இரண்டு இடத்தில் வரி தப்பியது, ஓர் இடத்தில் மூச்சு வாங்கியது. சபையைப் பார்க்கத் தலையை நிமிர்த்தினால் திரும்ப வந்து வரியைப் பிடிக்க முடியவில்லை.

அதனால் பெரிய எழுத்தில் அட்டை அட்டையாகப் பிரித்தேன். நிறுத்தவேண்டிய இடத்தில் "(நிறுத்தவும்)" என்று அடைப்புக்குறிக்குள் போட்டிருந்தேன். அப்பா அதையும் சேர்த்து வாசித்துவிட்டார்! "நண்பர்களே நிறுத்தவும்" என்று அவர் கணீரென்று சொன்னதும் அம்மா சிரித்த சிரிப்பில் ஒத்திகை அத்தோடு முடிந்தது.

வரிக்கு மூன்று நான்கு சொல் என்று வெட்டியதும் சரியாக வரவில்லை. ஒரு பகுதியைக் கீழே தருகிறேன். முதலில் அப்பா எழுதியது:

34 ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாளில் நனைந்த சான்றிதழ்களோடு இந்த அலுவலக வாசலில் நின்ற என்னை உள்ளே அழைத்து உட்காரவைத்துத் தன் துண்டைக் கொடுத்துத் தலையைத் துவட்டச் சொன்ன தலைமை எழுத்தர் இன்று நம்மோடு இல்லை என்றாலும் அவர் கற்றுக்கொடுத்த ஒழுங்கே என்னை இதுவரை நடத்திவந்தது என்பதை நன்றியோடு சொல்லிக்கொள்கிறேன்.

நான் போட்ட அட்டை:

```
34 ஆண்டுகளுக்கு முன் ஒரு
மழைநாளில் நனைந்த
சான்றிதழ்களோடு இந்த அலுவலக
வாசலில் நின்ற என்னை உள்ளே
அழைத்து உட்காரவைத்துத் தன்
துண்டைக் கொடுத்துத்
தலையைத் துவட்டச்
```

இதோடு அட்டை முடிந்துவிடும். "துவட்டச்..." என்று அந்தரத்தில் நிறுத்திவிட்டு அப்பா அட்டையைத் திருப்புகிறார். "சொன்ன தலைமை எழுத்தர்" அடுத்த அட்டையில் இருக்கிறது. என்ன செய்யலாம்?

கோடை_இடி:
எழுத்து போதவில்லை, அவ்வளவுதான். 48 புள்ளி வையுங்கள், எல்லாவற்றையும் தடித்த எழுத்தாக மாற்றுங்கள். எங்கள் பெரியப்பாவுக்கு அப்படித்தான் செய்தோம். கடைசி வரிசையில் இருந்தவர்களுக்கே அட்டை தெரிந்தது.

புதிதாகவந்தவன்:
வணக்கம். என் மேலாளர் அடுத்த மாதம் ஓய்வு பெறுகிறார். அவரைப் பாராட்டி நான் பேசவேண்டும். ஐந்து நிமிட மாதிரி உரை யாராவது கொடுக்க முடியுமா? கொஞ்சம் நகைச்சுவையும் இருந்தால் நல்லது.

தென்னங்கீற்று:
@புதிதாகவந்தவன், இது உரை எழுதுவது பற்றிய இழை இல்லை தம்பி. எழுதி முடித்த உரையை வாசிக்கத் தோதாக அமைப்பது பற்றியது. தனி இழை தொடங்குங்கள், நிறையப் பேர் உதவுவார்கள்.

@கோடை_இடி, 48 வைத்துப் பார்த்தேன். "சான்றிதழ்களோடு" என்ற ஒரே சொல் ஒரு வரியை எடுத்துக்கொண்டது. 380 சொல்லுக்கு எழுபது அட்டைக்கு மேல் போனது. அது சீட்டுக்கட்டு மாதிரி இருந்தது.

மேசைவிளக்கு:
மேடையுரைகளைத் தட்டச்சு செய்து, வாசிப்புப் படியாக அமைத்துக் கொடுப்பது பல வருடமாக என் வேலை. உங்கள் அட்டையில் எழுத்தின் அளவைவிட வரி உடையும் இடம்தான் சிக்கல். இருந்தாலும் அளவை முதலில் முடித்துவிடுகிறேன்.

கையில் பிடித்து வாசிப்பதென்றால் ஏ4 தாளில் பாதி, அதாவது ஏ5, படுக்கை வாக்கில். எழுத்து 28 புள்ளி. இரண்டு பக்கமும் 15 மில்லிமீட்டர் ஓரம் விட்டால் எழுதுவதற்கு 180 மில்லிமீட்டர் கிடைக்கும். தமிழ் எழுத்து அகலமானது, அதனால் அந்த அகலத்தில் 18 முதல் 20 எழுத்து, அதாவது இரண்டு மூன்று சொல்தான் பிடிக்கும். வாசிப்பு வரிக்கு அது போதும். வரி இடைவெளி 1.5 வையுங்கள். நம் எழுத்தில் மேலே புள்ளியும் இகர ஈகாரச் சுழியும், கீழே உகரக் கொக்கிகளும் வருகின்றன. ஒற்றை இடைவெளியில் மேல்வரியின் கொக்கி கீழ்வரியின் புள்ளியை இடிக்கும். இந்தக் கணக்கில் ஓர் அட்டைக்கு ஏழு வரி தாங்கும். நான் ஐந்தாறோடு நிறுத்துவேன், அடியில் வெறுமையாக விடுவேன். எழுத்து கீழே போகப் போக முகமும் கீழே போகும். சபைக்கு உங்கள் அப்பாவின் வழுக்கைதான் தெரியும். (வழுக்கை இல்லையென்றால் மன்னிக்கவும்.)

எல்லாம் தடித்த எழுத்து வேண்டாம். ண, ன, ற மாதிரி எழுத்துகளில் உள்வெளி அடைந்துபோய் ஒன்றுபோல் தெரியும். சாதாரண கனத்தில், கோடு ஒரே தடிமனாக இருக்கும் எழுத்துரு எடுங்கள். Noto Sans Tamil போதும்.

இனி வரி. கண் ஒரு வரியின் கடைசிக்கு வந்ததும் வாசிப்பவர் தன்னையறியாமல் கொஞ்சம் நிறுத்துவார். குறி போட்டாலும் போடாவிட்டாலும் நிறுத்துவார். ஆகவே வரி முடியும் இடமெல்லாம் நிறுத்தினால் காதுக்கு உறுத்தாத இடமாக இருக்கவேண்டும். நீங்கள் வரி நிரம்பிய இடத்தில் வெட்டியிருக்கிறீர்கள். "உட்காரவைத்துத் தன்" என்று ஒரு வரி முடிகிறது. "தன்" என்று சொல்லி நிறுத்தினால் கேட்பவர் காத்துக்கொண்டு நிற்பார்.

இன்னொன்று தமிழுக்கே உரியது. "கொடுத்துத்", "துவட்டச்" என்று ஒற்று மிகுந்த சொல்லில் வரியை முடிக்கவே கூடாது. அந்த "த்", "ச்" அடுத்த சொல்லை ஒட்டிக்கொள்ளத்தான் இருக்கிறது. அடுத்த சொல் கீழ்வரியிலோ அடுத்த அட்டையிலோ இருந்தால் வாய் திறந்தபடி நிற்கும். அப்பாவுக்கு நடந்தது அதுதான்.

வானம்பாடி66:
என் அனுபவம். என் பணி நிறைவின்போது சாதாரணத் தாளில் அச்சடித்து எடுத்துப்போனேன். எனக்குக் கை நடுக்கம் உண்டு, லேசாகத்தான். தாள் அதைப் பத்து மடங்காகக் காட்டியது. ஒலிவாங்கி பக்கத்தில் இருந்ததால் தாள் சரசரவென்று சத்தம் போட்டது வேறு. பதற்றத்தில் நடுங்குகிறார் என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள். அட்டை விறைப்பாக இருக்கட்டும் அம்மா. அட்டையிலும் நடுக்கம் இருக்கும், ஆனால் விளிம்பு படபடக்காது.

பளபளப்பு அட்டை வேண்டாம். மேல் விளக்கு பட்டு நடு வரி வெள்ளையாகிவிடும்.

அரைக்கால்சட்டை:
இந்தக் காலத்தில் எதற்கு அட்டை? கைபேசியில் உரை தானாக ஓடும் செயலி எத்தனையோ இருக்கிறது. வேகத்தை வைத்துவிட்டால் போதும்.

வானம்பாடி66:
நடுவில் கைதட்டினால் அது நிற்காதே தம்பி, ஓடிக்கொண்டே இருக்கும்.

அரைக்கால்சட்டை:
கையால் தள்ளுகிற மாதிரியும் வைத்துக்கொள்ளலாம் சார். ஆனால் சரி, நடுவில் யாராவது அழைத்தால் திரை மாறிவிடும். அதை ஒப்புக்கொள்கிறேன்.

தென்னங்கீற்று:
மேசைவிளக்கு அண்ணா, ஒற்று விஷயம் எனக்குத் தோன்றவே இல்லை. நன்றி. அந்தப் பகுதியை நீங்கள் எப்படிப் போடுவீர்கள்?

மேசைவிளக்கு:
இரண்டு வழி உண்டு. என் கை முதலில் போவது வாக்கியத்தைப் பிரிக்கும் வழிக்குத்தான். குறிகள் இப்படி: / என்றால் அரை மூச்சு. // என்றால் முழு மூச்சு, நிமிர்ந்து சபையைப் பார்க்கலாம். குறியை எப்போதும் வரியின் கடைசியில்தான் போடுவேன், நடுவில் போடமாட்டேன். ஒற்றைச் செங்குத்துக் கோடும் போடமாட்டேன், அவசரத்தில் அது துணைக்கால் மாதிரி கண்ணில் படும்.

```
[4]
முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன் /
ஒரு மழைநாள். //
நனைந்த சான்றிதழ்களோடு
இந்த அலுவலக வாசலில்
நின்றேன். //
```

```
[5]
தலைமை எழுத்தர்
என்னை உள்ளே அழைத்தார். /
உட்காரவைத்தார். /
தன் துண்டைக் கொடுத்து
"தலையைத் துவட்டு" என்றார். //
```

```
[6]
அவர் இன்று
நம்மோடு இல்லை. //
```

```
[7]
அவர் கற்றுக்கொடுத்த ஒழுங்கே
என்னை இதுவரை
நடத்திவந்தது. //
```

34 என்ற எண்ணை எழுத்தாக்கியிருப்பதைப் பாருங்கள். இலக்கத்தைப் பார்த்ததும் "முப்பத்து நாலா, முப்பத்து நான்கா" என்று நாக்கு ஒரு நொடி தேடும். ஆண்டு எண் வந்தால் இன்னும் மோசம். எப்படிச் சொல்லப்போகிறாரோ அப்படியே எழுதிவிடுங்கள்.

[6] இரண்டே வரி. அட்டை வீண் என்று நினைக்காதீர்கள். குரல் தழுதழுக்கும் இடம் அதுவாகத்தான் இருக்கும். கண் கலங்கினால் ஏழு வரி அட்டையில் இடம் தொலையும். இரண்டு வரி அட்டையில் தொலைய இடமே இல்லை. அடுத்த அட்டைக்கு மாற்றும் நேரத்தில் தொண்டையைச் சரிசெய்துகொள்வார்.

தென்னங்கீற்று:
அப்பாவிடம் காட்டினேன். "இது யார் எழுதிய உரை?" என்று கேட்டார். :( நின்ற, அழைத்து, கொடுத்து, சொன்ன என்று ஒரே மூச்சில் ஓடுவதுதான் அந்த வாக்கியத்தின் அழகாம், அதை எழுத அவருக்கு இரண்டு நாள் ஆனதாம். "நன்றியோடு சொல்லிக்கொள்கிறேன்" போனதிலும் வருத்தம். ஒரு சொல்லும் மாறக்கூடாது என்கிறார்.

கோடை_இடி:
அப்பா சொல்வது நியாயம். அமைப்பை மாற்றச் சொன்னால் உரையையே மாற்றுவதா? பெரிய எழுத்தாக்குபவர் அச்சுக்காரர் மாதிரி, ஆசிரியர் மாதிரி இல்லை.

மேசைவிளக்கு:
இதை ஏற்கிறேன். வாசிப்பவருக்குச் சொந்தமான உரை அது, நான் கேட்காமல் கைவைத்திருக்கக் கூடாது. ஒரு சொல்லும் மாற்றாமல் இரண்டாம் வழி:

```
[4]
முப்பத்து நான்கு ஆண்டுகளுக்கு முன்
ஒரு மழைநாளில் /
நனைந்த சான்றிதழ்களோடு
இந்த அலுவலக வாசலில்
நின்ற என்னை /
```

```
[5]
உள்ளே அழைத்து /
உட்காரவைத்து /
தன் துண்டைக் கொடுத்து /
தலையைத் துவட்டச் சொன்ன
தலைமை எழுத்தர் //
```

```
[6]
இன்று நம்மோடு
இல்லை //
என்றாலும்
```

```
[7]
அவர் கற்றுக்கொடுத்த ஒழுங்கே
என்னை இதுவரை நடத்திவந்தது
என்பதை /
நன்றியோடு
சொல்லிக்கொள்கிறேன். //
```

வினையெச்சங்களில் நிறுத்துவது தமிழில் இயல்புதான். கதை சொல்பவர்கள் "போய், பார்த்து, கேட்டு" என்று நிறுத்தி நிறுத்தித்தானே சொல்கிறோம். "நின்ற என்னை", "சொன்ன தலைமை எழுத்தர்" போன்ற பெயரெச்ச இணைகள்தான் ஆபத்து. "தலைமை எழுத்தர்" இரண்டாம் வரிக்குப் போனாலும் அதே அட்டையில் இருப்பதால், நிறுத்தினாலும் கண் முன்கூட்டியே பார்த்துவிடும். அட்டை மாறும் இடத்தில் மட்டும் அந்த இணையை உடைக்கவே வேண்டாம்.

இதில் எனக்குப் பிடிக்காதது [4]இன் முடிவு. "என்னை" என்று தொங்குகிறது. பரவாயில்லை, அதற்கு ஒரு தந்திரம் உண்டு. அட்டையின் வலது கீழ் மூலையில் அடுத்த அட்டையின் முதல் சொல்லைச் சின்னதாக, 14 புள்ளியில், போட்டுவிடுங்கள்: "உள்ளே". கை அட்டையை நகர்த்தும்போதே வாய் அந்தச் சொல்லைத் தொடங்கிவிடும்.

எழுத்தாணி:
இடையில் வருவதற்கு மன்னிக்கவும். "உட்காரவைத்துத் தன்", "கொடுத்துத் தலையை" என்று மூலத்தில் சரியாக இருந்த ஒற்றுகளை எடுத்துவிட்டீர்கள். இது பிழை. வாசிக்கத்தானே என்று பிழையாக எழுதிப் பழக்கலாமா?

மேசைவிளக்கு:
நிறுத்தம் வந்தால் ஒற்று ஒலிக்காது அய்யா. "கொடுத்து" என்று நிறுத்தி, மூச்சு விட்டு, "தலையை" என்று தொடங்குகிறவர் வாயில் "த்" எங்கே வரும்? இது அச்சுப்படி இல்லை, வாய்க்கான படி.

எழுத்தாணி:
நிறுத்தம் வாசிப்பவர் விருப்பம். அன்றைக்கு அவர் நிறுத்தாமல் ஓடினால்? "கொடுத்து தலையை" என்று ஒற்றில்லாமல் வரும். எனக்கு உடன்பாடில்லை.

தென்னங்கீற்று:
அப்பா எழுத்தாணி அய்யாவின் கட்சி. ஒற்றைத் திரும்பப் போடச் சொன்னார். "நிறுத்தவேண்டுமென்றால் நான் விட்டுவிடுவேன், நீ அடி" என்றார். போட்டுக்கொண்டிருக்கிறேன்.

இதில் இன்னொரு கோளாறு. Word-இல் ஒவ்வொரு வரியின் கடைசியிலும் Shift+Enter அடித்து வரியை உடைக்கிறேன். சில வரிகளில் சொற்கள் விலகி விலகி, இரண்டு ஓரத்தையும் தொட்டுக்கொண்டு நிற்கின்றன. "நின்ற" இந்த ஓரம், "என்னை" அந்த ஓரம்.

மேசைவிளக்கு:
பழைய கோப்பில் பத்தி இரு ஓரமும் சமமாக அமைந்திருக்கும். Shift+Enter அடித்த வரியையும் அது இழுத்துப் பரப்பும். எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து Ctrl+L கொடுங்கள், இடப்பக்கம் ஒட்டிக்கொள்ளும். அட்டை மாற்றத்துக்கு Ctrl+Enter. வெறும் Enter-ஐ அடுக்கி அடுத்த பக்கத்துக்குத் தள்ளாதீர்கள், ஒரு வரி சேர்த்தால் எல்லா அட்டையும் நகர்ந்துவிடும்.

முடித்ததும் PDF ஆக்கி அச்சுக்குக் கொடுங்கள். அச்சிடும் இடத்தில் உங்கள் எழுத்துரு இல்லாவிட்டால் வேறொன்று வந்து உட்கார்ந்து வரிகளெல்லாம் மடங்கிவிடும். அச்சிடும்போது Actual size என்பதையே தேர்வு செய்யுங்கள். Fit என்று விட்டால் ஓரத்துக்காக எழுத்தைச் சுருக்கிவிடலாம், கண்ணால் பார்த்தால் உடனே தெரியாது. சோதனைக்கு ஓர் அட்டையில் சரியாக 10 சென்டிமீட்டர் கோடு ஒன்று வரைந்து அச்சிட்டு, அடிக்கோலால் அளந்து பாருங்கள். ஒன்பதரை வந்தால் அச்சுப்பொறி சுருக்கியிருக்கிறது.

கண்ணாடிக்காரர்:
இவ்வளவு பேசினீர்கள், கண்ணாடியைப் பற்றி யாரும் கேட்கவில்லையே. அப்பா வாசிப்புக் கண்ணாடி போடுபவரா? அந்தக் கண்ணாடி பொதுவாக 40 சென்டிமீட்டர் தூரத்துக்குக் கொடுப்பது, புத்தகம் பிடிக்கும் தூரம். மேடையில் சாய்வு மேசை இருந்தால் அட்டை 60 சென்டிமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கும். அங்கே அதே கண்ணாடியில் எழுத்து மங்கும். உடனே முன்னால் குனிவார், வாய் ஒலிவாங்கியை விட்டு விலகும். எழுத்து சின்னது என்று எல்லோரும் நினைப்பார்கள்.

மேலே தூரப்பார்வை, கீழே கிட்டப்பார்வை என்று இரண்டும் உள்ள கண்ணாடியானால் இன்னொரு தொல்லை. கீழ்ப்பகுதி வழியாகப் பார்க்கத் தாடையைத் தூக்கவேண்டிவரும். அட்டையை நெஞ்சு உயரத்தில், கொஞ்சம் தாழ்வாகப் பிடித்தால் சரியாகும். நாற்காலியில் உட்கார்ந்து ஒத்திகை பார்த்தால் இது எதுவும் தெரியாது. நின்று, அன்று போடப்போகும் கண்ணாடியோடு, அன்று இருக்கும் தூரத்தில் பார்க்கச் சொல்லுங்கள்.

தென்னங்கீற்று:
வாசிப்புக் கண்ணாடிதான்! சமையல் மேடை மேல் ஒரு பெட்டியை வைத்து, அதன் மேல் அட்டையைச் சாய்த்து, அளவுநாடா வைத்துப் பார்த்தோம். 65 சென்டிமீட்டரில் 28 புள்ளி அவருக்கு மங்கல்தான். வாசிக்க முடிகிறது, ஆனால் கண்ணைச் சுருக்குகிறார். கையில் பிடித்தால் நன்றாகத் தெரிகிறது. சாய்வு மேசை இருக்குமா என்று விழா நடத்துபவர்களுக்கே உறுதியாகத் தெரியவில்லை.

மேசைவிளக்கு:
அப்படியானால் கையில் பிடிப்பதற்கே அமையுங்கள். சாய்வு மேசை இருந்தாலும் அட்டையைக் கையில் எடுத்துக்கொள்ளலாம். மேசைக்கென்று அமைத்துவிட்டு மேசை இல்லாமல் போனால்தான் கஷ்டம். மேசை உறுதியாக இருந்திருந்தால் 34 புள்ளிக்குப் போய், ஏ4 தாளை நிமிர்த்தி வைத்து, மேல் பாதியில் மட்டும் எழுதச் சொல்லியிருப்பேன். ஒரு பக்கம் மட்டும் அச்சு, வாசித்த தாளைத் திருப்பாமல் இடப்பக்கம் நகர்த்துவது.

கோடை_இடி:
நான் 48 சொன்னதில் ஒரு உண்மை இருந்தது என்று இப்போதாவது ஒப்புக்கொள்ளுங்கள். பெரியப்பாவுக்குச் சாய்வு மேசைதான் வைத்திருந்தார்கள்.

மேசைவிளக்கு:
பாதி ஒப்புக்கொள்கிறேன். தூரம் கூடினால் எழுத்து கூடவேண்டும். தடித்த எழுத்தை ஒப்புக்கொள்ளமாட்டேன்.

தென்னங்கீற்று:
இன்றைய நிலவரம். மொத்தம் 25 அட்டை. நேரம் அளந்தேன். பழைய தாளில் வாசித்தபோது மூன்று நிமிடம் பத்து நொடியில் ஓடிமுடித்திருந்தார். அட்டையில் நான்கு நிமிடம் நாற்பது நொடி. விழாக்குழு ஐந்து நிமிடம் கொடுத்திருக்கிறது. கைதட்டல் வந்தால் தாண்டும். எதையாவது குறைக்கலாமா என்று கேட்டேன், முறைத்தார்.

வரி ஒரு தடவைகூடத் தப்பவில்லை. ஆனால் [6]இல் "இல்லை" என்று சொல்லிவிட்டு நிமிர்ந்தவர், திரும்பி வந்ததும் "என்றாலும்" என்பதை விட்டுவிட்டு அடுத்த அட்டைக்குப் போய்விட்டார். மூன்று ஒத்திகையிலும் அப்படியே.

மேசைவிளக்கு:
முழு மூச்சுக் குறிக்குக் கீழே ஒற்றைச் சொல்லைத் தனியாக விட்டது என் தவறு. நிமிர்ந்தவர் கண் திரும்பும்போது அட்டை முடிந்ததாகவே நினைக்கும். "என்றாலும்" என்பதை [7]இன் முதல் வரியாக்குங்கள்.

தென்னங்கீற்று:
மாற்றிவிட்டேன். இப்போது விடுவதில்லை. ஆனால் அப்பா நேற்று இரவு பென்சிலை எடுத்துக்கொண்டு உட்கார்ந்து என் குறிகளில் பாதியை அழித்துவிட்டுத் தன் இஷ்டத்துக்குப் போட்டிருக்கிறார். அம்மாவின் பெயர் வரும் அட்டையில் நான் ஒரு / போட்டிருந்தேன். அவர் அதை //// ஆக்கியிருக்கிறார். மறுபடி அச்சடிக்கவா, பென்சில் குறியோடு விட்டுவிடவா?

வானம்பாடி66:
அப்படியே விடுங்கள் அம்மா. பென்சில் விளக்கில் மினுங்கும் என்றால் கறுப்புப் பேனாவால் அதன் மேலேயே ஓட்டிவிடுங்கள். சிவப்பு வேண்டாம், மேடை விளக்கு என்ன நிறமோ தெரியாது.

தென்னங்கீற்று:
சரி சார். கடைசிக் கேள்வி: மூலையில் துளை போட்டு வளையத்தில் கோக்கவா, தனித்தனியாக விடவா?

மேசைவிளக்கு:
தனித்தனியாக. வாசித்ததை அடியில் செருகிக்கொண்டே போகலாம், சத்தம் வராது. எண் பெரிதாக இருக்கட்டும்.

வானம்பாடி66:
நான் வளையம் என்பேன். எனக்குக் கீழே விழுந்தது. எண் இருந்தது, உண்மைதான். ஆனால் 300 பேர் பார்க்கக் குனிந்து பொறுக்கவேண்டியிருந்தது.

புதிதாகவந்தவன்:
என் மேலாளர் உரைக்குத் தனி இழை தொடங்கிவிட்டேன். அதுவும் 28 புள்ளியில் போடவேண்டுமா? எனக்கு வயது 26தான்.

கண்ணாடிக்காரர்:
கை நடுங்குமா என்று முதலில் பாருங்கள் தம்பி. 20 புள்ளி போதும், வரி உடைப்பதை மட்டும் மேலே படித்துக்கொள்ளுங்கள்.